விவாத இழை: கூரைத் தகரத்துக்கு நான்கு கடைகளில் விலை கேட்டோம், வந்த பதில்களை ஒப்பிட முடியவில்லை

மேற்பிரிவுச் செயலாளர் (திங்கள், இரவு)

அனைவருக்கும் வணக்கம். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேற்பிரிவில் எங்கள் சங்கம் நடத்தும் முன்பள்ளி மண்டபத்தின் பழைய கூரைத் தகரங்கள் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டன. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் புதிய தகரம் போட்டாக வேண்டும். பணம் சேர்த்துத் தந்தவர்களில் பெரும்பாலோர் கொழுந்து பறிக்கும் பெண்கள். ஆகவே ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் காட்டும் பொறுப்பு எனக்கும் பொருளாளருக்கும் இருக்கிறது.

கடந்த வாரம் நான்கு கடைகளுக்கு வட்ஸ்அப்பில் ஒரே செய்தியை அனுப்பினேன். “45 அடி நீள மண்டபத்துக்குக் கலர் தகரம் தேவை, விலை சொல்லுங்கள்” என்பதுதான் அந்தச் செய்தி. ஒரு கடை அடி 560 ரூபாய் என்றது. இன்னொரு கடை அடி 790 ரூபாய் என்றது. மூன்றாவது கடை, எல்லாமாக நான்கு இலட்சத்துக்குள் முடித்துத் தருவோம் என்றது. நான்காவது கடை நேரில் வரச் சொன்னது. குழுக் கூட்டத்தில் ஒருவர் 560 ரூபாய்தான் மலிவு, அதையே வாங்குவோம் என்கிறார். மற்றவர், 790 ரூபாய் தகரம் தரமானதாக இருக்கும் என்கிறார். இருவருக்கும் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. விலைமனுக் கோரும் கடிதத்தை எப்படி எழுதினால் ஒப்பிடக்கூடிய பதில்கள் வரும் என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சாமிமலைக்காரன்

இதில் குழம்புவதற்கு ஒன்றுமில்லை. எத்தனை தகரம் தேவை என்பதை நீங்களே கணக்கிட்டு, “15 அடித் தகரம் 36, ஒன்றின் விலை என்ன” என்று மூன்று கடைகளிடம் எழுத்தில் கேளுங்கள். எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் விலையும் நேராக ஒப்பிடக்கூடியதாக வந்துவிடும். மூன்று கொட்டேசன் வாங்க வேண்டும் என்பது சட்டம். அவற்றில் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும் என்பதும் சட்டம்.

வெலிமடை விவசாயி

ஹற்றனில் இப்போது எந்தக் கடையில் தகரம் மலிவு என்று யாராவது சொல்லிவிட்டால் செயலாளரின் பிரச்சினை தீர்ந்துவிடுமே. நானும் உருளைக்கிழங்கு வைக்கும் கொட்டிலுக்குத் தகரம் தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு 8 அடித் தகரம் பத்து போதும்.

களஞ்சியக்காரர்

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நீண்ட காலம் களஞ்சியத்துக்கும் கொள்முதலுக்கும் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவன். வெலிமடைத் தம்பி மன்னிக்க வேண்டும். செயலாளரின் கேள்வி எந்தக் கடை மலிவு என்பது அன்று. விலை சொன்ன மூன்று கடையும் வெவ்வேறு பொருளுக்கு விலை சொல்லியிருக்கின்றன, அதை எப்படித் தடுப்பது என்பதுதான் அவர் கேட்பது.

சாமிமலைத் தம்பி சொன்னதில் பாதி சரி. எழுத்தில் கேட்க வேண்டும், எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேட்க வேண்டும் என்பது சரி. ஆனால் தகர எண்ணிக்கையை நாமே நிர்ணயிப்பது இந்தப் பொருளில் பிழையாகிவிடும். கூரைத் தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் அமரும். ஆகவே தகரத்தின் முழு அகலம் வேறு, கூரையில் அது உண்மையில் மூடும் அகலம் வேறு. ஒரு கடையின் தகரம் 762 மில்லிமீற்றர், அதாவது இரண்டரை அடி, மூடும். இன்னொரு கடையின் தகரம் ஒரு மீற்றர் மூடும். 45 அடிக் கூரைக்கு முதலாவது வகையில் ஒரு பக்கத்துக்கு 18 தகரம் வேண்டும், இரண்டாவது வகையில் 14 போதும். இரு பக்கமும் சேர்த்தால் 36 தகரமும் 28 தகரமும் ஆகின்றன. நீங்கள் எல்லோரிடமும் 36 என்று கேட்டால், அகலத் தகரம் விற்பவரும் 36-க்கே விலை எழுதுவார். எட்டுத் தகரத்துக்கு வீணாகப் பணம் கட்டுவீர்கள், அல்லது அவர் விலை தேவையில்லாமல் உயர்ந்து தெரிந்து அவரைத் தள்ளிவிடுவீர்கள்.

ஆகவே கூரையின் அளவைக் கொடுங்கள். முகட்டு நீளம் எவ்வளவு, ஒரு பக்கச் சரிவின் நீளம் எவ்வளவு, இறவாரம் அதில் சேர்ந்திருக்கிறதா என்பதை எழுதுங்கள். தங்கள் தகரம் எவ்வளவு அகலம் மூடும், அதன்படி எத்தனை தகரம் தேவை என்பதைக் கடைக்காரர் எழுதட்டும். அந்த இரண்டு எண்களையும் நீங்கள் பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது தடிப்பு. “0.47 தகரம்” என்று எல்லோரும் சொல்வார்கள். அது பூச்சையும் சேர்த்த தடிப்பா, உள்ளிருக்கும் உருக்கின் தடிப்பா என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். வழக்கத்தில் உருக்கு 0.42 மில்லிமீற்றர் இருந்தால் நாக-அலுமினியப் பூச்சுடன் 0.47 வரும். “0.47 மில்லிமீற்றர்” என்று மட்டும் எழுதினால் ஒருவர் நல்ல தகரத்துக்கு விலை தருவார், மற்றவர் நிறப்பூச்சையும் கூட்டி 0.47 ஆக்கிய மெல்லிய தகரத்துக்கு விலை தருவார். எனவே “உருக்கின் தடிப்பு 0.42 மில்லிமீற்றருக்குக் குறையாமல்” என்றே எழுதுங்கள். பூச்சு ஏஇசட் 150 என்று கேளுங்கள். ஒரு சதுர மீற்றரில் இரு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு இருக்கிறது என்பது அதன் பொருள். மழையும் பனியும் மாறிமாறி வரும் நம் பக்கத்தில் தகரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தப் பூச்சுத்தான்.

சாமிமலைக்காரன்

ஐயா சொன்ன அகலக் கணக்கை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று கொட்டேசன் பற்றிச் சொன்னது சரிதானே? பிரதேச செயலகத்தில் அப்படித்தான் கேட்கிறார்கள்.

களஞ்சியக்காரர்

அரசாங்கப் பணத்தைச் செலவிடும்போது அதற்கென்று கொள்முதல் வழிகாட்டிகள் உள்ளன, அங்கே அவை கட்டாயம். சொந்தப் பணத்தில் வாங்கும் சங்கத்தைக் கட்டுப்படுத்துவது அதன் யாப்பும் பொதுக்கூட்டத் தீர்மானமும்தான். குறைந்த விலையைத்தான் எடுக்க வேண்டும் என்பதும் முழு உண்மையன்று. கேட்ட விபரத்துக்குப் பொருந்திய விலைமனுக்களில் குறைந்தது எது என்றுதான் பார்க்க வேண்டும். பொருந்தாதது எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒப்பீட்டுக்கே வராது. அதனால்தான் விபரத்தை விலை பார்க்கும் முன்பே எழுதி முடித்துவிட வேண்டும். பிறகு எழுதினால் யாருக்கோ வாய்ப்பாக எழுதினீர்கள் என்ற பேச்சு வரும்.

ஹற்றன் கடைப்பிள்ளை

நான் ஹார்ட்வெயார் கடையொன்றில் விலைமனு எழுதும் வேலை செய்கிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல அனுமதியுங்கள். “45 அடி மண்டபத்துக்கு விலை என்ன” என்று வரும் செய்தி எங்களுக்கு நாளொன்றுக்குப் பல முறை வருகிறது. அதற்கு முழுக் கணக்குப் போட்டு விலை அனுப்பினால், அநேகமாக வாடிக்கையாளர் அதை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்கிறார். ஆகவே அடிவிலையை மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடுகிறோம். அளவும் இறுதித் திகதியும் கொண்ட கடிதம், தலைப்பும் கையொப்பமும் இட்டு வந்தால், முதலாளி அதை வேறு விதமாகத்தான் பார்ப்பார்.

செயலாளர் அக்காவிடம் மூன்று கேள்விகள். கூரையில் தகரம் அறையப்படும் குறுக்குச் சட்டம் மரமா, இரும்பா? மரத்துக்கான திருகாணி வேறு, இரும்பைத் துளைத்து இறங்கும் திருகாணி வேறு. இதைச் சொல்லாவிட்டால் இரண்டில் எதற்கோ விலை வரும். இரண்டாவது, எங்கே இறக்க வேண்டும்? மூன்றாவது, அந்தப் பாதையில் எந்த அளவு லொறி ஏறும்? 15 அடித் தகரத்தை 10 அடிப் பெட்டியுள்ள சின்ன லொறியில் ஏற்றினால் ஐந்து அடி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கொண்டை ஊசி வளைவில் அது மண்கரையில் உரசி மடிந்துவிட்டால் அந்த நட்டம் யாருடையது என்று பிறகு சண்டை வரும். சென்ற வருடம் எங்கள் லொறி ஒரு தோட்டத்துக்குப் போய், தொழிற்சாலைச் சந்தியோடு நின்று, அங்கிருந்து ஆட்கள் தோளில் சுமந்தார்கள். சுமைகூலியை யார் கொடுப்பது என்று விலைமனுவில் ஒரு சொல்லும் இல்லை.

மேற்பிரிவுச் செயலாளர்

சட்டங்கள் மரம்தான், தம்பி. அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரிய லொறி தொழிற்சாலைச் சந்தி வரைதான் வரும். அங்கிருந்து மண்டபம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். சின்ன லொறியோ உழவு இயந்திரமோ ஏறும். நான்கு வளைவுகள் உண்டு.

தலவாக்கலை ஆசிரியை

எங்கள் பாடசாலைக்குப் போட்டோக்கொப்பி இயந்திரம் வாங்கியபோது நாங்கள் பட்ட பாடு இது. ஐந்து நிறுவனங்களுக்கு எழுதினோம், ஐந்தும் விலைமனு அனுப்பின. ஒன்று தலைப்புக் கடிதத்தில் ஒரே தொகையாக எழுதியது, ஒன்று நான்கு பக்க விளம்பரத் தாளுக்குள் விலையை ஒளித்து வைத்தது, ஒன்று வற் வரி சேர்த்தது, இரண்டு சேர்க்கவில்லை. ஒருவரின் விலை ஏழு நாளுக்கு மட்டும் செல்லும் என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருந்ததை, குழு கூடிய ஒன்பதாம் நாளில்தான் கண்டோம். அடுத்த முறை நாங்களே வெற்று அட்டவணையொன்றை அச்சிட்டு அனுப்பி, அதை மட்டும் நிரப்பித் தாருங்கள் என்று கேட்டோம். ஒருவர் மட்டுமே அதை மீறினார்.

களஞ்சியக்காரர்

ஆசிரியை சொன்ன வெற்று அட்டவணைதான் இதன் உயிர். வற் வரி 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து 18 வீதம். நான்கு இலட்ச ரூபாய்ப் பொருளில் அது 72,000 ரூபாய். ஆகவே வரி சேர்க்காத தொகை, வரி, வரி சேர்த்த தொகை என்று மூன்று தனி வரிகள் இருக்கட்டும். வற் பதிவு இல்லாத சிறிய கடை வற் அறவிட முடியாது. அவர்கள் வரி வரியில் “பதிவில்லை” என்று எழுதலாம். பதிவுள்ளவர்கள் பதிவு இலக்கத்தை எழுதட்டும்.

திகதி பற்றியும் ஒரு சொல். விலைமனு முடிவுத் திகதி வேறு, விலை செல்லுபடியாகும் காலம் வேறு, பொருள் வந்து சேர வேண்டிய திகதி வேறு. மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். சித்திரைப் புத்தாண்டை மறந்துவிடாதீர்கள். அந்த நாட்களில் கடைகள் மட்டுமன்றி, நீளம் வெட்டித் தரும் தகரத் தொழிற்சாலைகளும் மூடப்பட்டு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

மேற்பிரிவுச் செயலாளர் (புதன்)

உங்கள் அனைவரின் ஆலோசனையையும் வைத்துக் கடிதத்தை எழுதிவிட்டேன். பிழை இருந்தால் நாளை காலைக்குள் சொல்லுங்கள்.

“ஐயா, எமது முன்பள்ளி மண்டபத்துக்கான கூரைத் தகரங்களுக்கு விலைமனுக் கோருகிறோம். கூரை இரு சரிவு கொண்டது. முகட்டு நீளம் இறவாரங்களுடன் 45 அடி, ஒவ்வொரு சரிவின் நீளமும் இறவாரத்துடன் 15 அடி. குறுக்குச் சட்டங்கள் மரத்தாலானவை, மூன்று அடி இடைவெளியில் உள்ளன.

தேவையானவை: நிறப்பூச்சு இட்ட நாக-அலுமினியத் தகரம், உருக்கின் தடிப்பு 0.42 மில்லிமீற்றருக்குக் குறையாமல், பூச்சு ஏஇசட் 150, ஒவ்வொன்றும் 15 அடி ஒரே நீளத்தில் இணைப்பின்றி, கடும் பச்சை நிறம். அதே நிறத்தில் 8 அடி முகட்டுத் தகரம் 6. மரத்துக்குரிய, இறப்பர் வாஷருடன் கூடிய திருகாணி 900.

பொருட்களை மேற்பிரிவு மண்டபத்தில் இறக்கித் தர வேண்டும். தொழிற்சாலைச் சந்திக்கு அப்பால் ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சிறிய லொறியோ உழவு இயந்திரமோ மட்டுமே செல்லும். ஏற்றி இறக்கும் செலவும் வழியில் ஏற்படும் சேதமும் வழங்குநரைச் சேர்ந்தவை.

விலையை இணைக்கப்பட்டுள்ள அட்டவணையில் மட்டும் இலங்கை ரூபாயில் எழுதி, கையொப்பமும் முத்திரையும் இட்டு, மூடிய உறையில் மார்ச் 20, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3 மணிக்கு முன்னர் கிடைக்கச் செய்ய வேண்டும். அன்றே 3.30-க்கு உறைகள் திறக்கப்படும், விரும்பியவர் வந்திருக்கலாம். விலை 45 நாட்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். பொருட்கள் ஏப்ரல் 8-க்கு முன்னர் வந்து சேர வேண்டும். சந்தேகங்களை மார்ச் 16 வரை எழுத்தில் கேட்கலாம். ஒருவருக்கு அளிக்கும் பதில் அனைவருக்கும் அனுப்பப்படும்.”

அட்டவணையில் தகரத்தின் மூடும் அகலம், தடிப்பு, தகர எண்ணிக்கை, மொத்த அடி, அடிவிலை, முகட்டுத் தகரம், திருகாணி, போக்குவரத்து, வரிக்கு முந்திய தொகை, வற், முழுத் தொகை, முற்பணம் எவ்வளவு, விலை செல்லுபடியாகும் நாட்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன.

களஞ்சியக்காரர்

நன்றாக வந்திருக்கிறது, மகள். ஒரு கட்டத்தை மட்டும் கூட்டுங்கள்: “ஓரடித் தகரத்தின் எடை, கிலோகிராமில்”. தடிப்பை அளக்கும் மைக்ரோமீற்றர் உங்களிடம் இருக்காது. ஆனால் கொழுந்து நிறுக்கும் தராசு தோட்டத்தில் உண்டு. தகரம் வந்ததும் ஐந்தைச் சேர்த்துக் கட்டி நிறுத்தால், அவர் எழுதிய எடையோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம். மெல்லிய உருக்கு என்றால் எடை குறையும். ஏஇசட் பூச்சின் அளவை எடையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குத் தொழிற்சாலையின் சோதனைச் சான்றிதழின் பிரதியைக் கேளுங்கள்.

ஹற்றன் கடைப்பிள்ளை

முற்பணத்தைப் பற்றிக் கடிதத்தில் நிபந்தனை போடாமல் எங்களிடம் கேட்டிருக்கிறீர்கள், அது நல்லது. நீளம் வெட்டிய தகரத்தை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதால் கடைகள் பாதிப்பணம் கேட்கும். முற்பணமே தரமாட்டோம் என்று எழுதினால் சிலர் பதிலே அனுப்ப மாட்டார்கள்.

மேற்பிரிவுச் செயலாளர் (மார்ச் 20, இரவு)

மூன்று உறைகள் நேரத்துக்கு வந்தன. எட்டுப் பேர் முன்னிலையில் திறந்து, ஒவ்வொரு பக்கத்திலும் மூவர் கையொப்பமிட்டோம்.

ஹற்றன் கடை: மூடும் அகலம் 762 மில்லிமீற்றர், 36 தகரம், 540 அடி, அடி 560 ரூபாய், ஆகவே 302,400. முகட்டுக்கு 14,400, திருகாணிக்கு 13,500, போக்குவரத்துக்கு 18,000. வரிக்கு முன் 348,300, வற் 62,694, முழுத் தொகை 410,994 ரூபாய்.

நுவரெலியாக் கடை: மூடும் அகலம் ஒரு மீற்றர், 28 தகரம், 420 அடி, அடி 790 ரூபாய், ஆகவே 331,800. முகட்டுக்கு 15,600, திருகாணிக்கு 14,400, போக்குவரத்துக்கு 22,000. இவை எல்லாம் வற் சேர்த்த விலைகள். முழுத் தொகை 383,800 ரூபாய்.

கண்டிக் கடை: முழுத் தொகை 351,900 ரூபாய்தான். ஆனால் தடிப்புக் கட்டத்தில் “பூச்சுடன் 0.43” என்று எழுதியிருக்கிறார்கள். போக்குவரத்து ஹற்றன் நகரம் வரைதான்.

கூட்டத்தில் 560 ரூபாய்தான் மலிவு என்று சொன்னவர், இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அடிக்கு 230 ரூபாய் கூடிய தகரம் முழுத் தொகையில் 27,194 ரூபாய் குறைவாக இருக்கிறது.

சாமிமலைக்காரன்

கண்டிக் கடையிடம் தடிப்பை மாற்றி எழுதச் சொன்னால் என்ன? நீங்கள் கேட்டால் அவர்கள் சம்மதிக்கலாம். 32,000 ரூபாய் வித்தியாசம் சிறியதன்று.

களஞ்சியக்காரர்

உறைகளைத் திறந்த பிறகு ஒருவருக்கு மட்டும் பொருளை மாற்றி விலை எழுத இடம் கொடுத்தால், மற்ற இருவரும் ஏமாற்றப்பட்டவர்களாவார்கள். தெளிவில்லாத சொல்லுக்கு விளக்கம் கேட்கலாம். வேறு தகரத்துக்குப் புது விலை கேட்கக் கூடாது. எழுதியதே பொருந்தவில்லை என்றால் காரணத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதி ஒதுக்கிவிடுங்கள்.

மேற்பிரிவுச் செயலாளர் (சனி, மதியம்)

புதிய சிக்கல் ஒன்று. முதலில் நேரில் வரச் சொன்ன நான்காவது கடை இன்று காலை வட்ஸ்அப்பில் 371,000 ரூபாய் என்று அட்டவணையை நிரப்பி அனுப்பியிருக்கிறது. விபரங்கள் எல்லாம் பொருந்துகின்றன. பாதை மண்சரிவால் அடைபட்டதால் நேற்று ஆள் அனுப்ப முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நேற்று அந்தப் பாதை அடைபட்டது உண்மைதான்.

களஞ்சியக்காரர்

நேற்று மாலை எட்டுப் பேர் விலைகளைப் பார்த்துவிட்டார்கள். எண்கள் மேற்பிரிவை விட்டு வெளியே போகவில்லை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. திறக்காமல் பதிவேட்டில் “தாமதமாகக் கிடைத்தது” என்று எழுதுவதுதான் நான் கற்ற முறை.

தலவாக்கலை ஆசிரியை

எனக்கு மனம் ஒப்பவில்லை, ஐயா. மண்சரிவு அவர்கள் தவறன்று. 12,800 ரூபாய் அந்தப் பெண்களின் பணம். இங்கே பாதை அடைபடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. கடிதத்திலேயே மின்னஞ்சலில் பூட்டிய கோப்பாக அனுப்பலாம் என்று எழுதியிருந்தால் இது வந்திருக்காது.

ஹற்றன் கடைப்பிள்ளை

நேரத்துக்கு உறை கொண்டுவந்த கடையில் நான் இருந்திருந்தால், தாமதமான விலையை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேள்விப்பட்டதும் அடுத்த முறை உங்கள் கடிதத்துக்கு விலை எழுத மாட்டேன். ஆனால் ஆசிரியை சொன்ன மின்னஞ்சல் வழி நல்லது.

மேற்பிரிவுச் செயலாளர் (ஞாயிறு, இரவு)

குழுவில் இன்று ஆறுக்கு ஐந்து என்ற வாக்கில் தாமதமான விலையை ஏற்பதில்லை என்று முடிவாயிற்று. ஐந்து பேரின் எதிர்ப்பையும் அவர்கள் சொன்ன காரணத்தையும் குறிப்பில் எழுதியிருக்கிறேன். நுவரெலியாக் கடையிடம் சோதனைச் சான்றிதழின் பிரதியைக் கேட்டிருக்கிறோம். அது கையில் வந்த பிறகுதான் கட்டளைக் கடிதம் போகும். ஓரடி எடை என்று அவர்கள் எழுதிய எண்ணைப் பொருளாளர் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார். தகரம் வரும் நாளில் தராசைத் தருவதாகக் கொழுந்து மடுவத்துக் கணக்கப்பிள்ளை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வெலிமடை விவசாயி

செயலாளர் அவர்களே, அந்த வெற்று அட்டவணையை இங்கே பதிவேற்ற முடியுமா? என்னுடைய பத்துத் தகரத்துக்கும் அதையே நிரப்பித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன்.